வேலை நேரம் முடிந்தபின் வரும் மெயிலுக்கு எப்போது பதில்? முன்கூட்டியே எழுதிச் சொல்வது எப்படி

காரைக்குடிப் பக்கம் சிறு அலுவலகங்கள் அனுப்பும் மெயில்களின் அடியில் "வேலை நேரம்: காலை 9.30 – மாலை 6" என்று ஒரு வரி இருக்கும். அது தப்பில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு ஒரு கேள்வியை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்த வரி பெரிதாக உதவாது. அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். பதில் எப்போது கையில் கிடைக்கும்? அதுவரை காத்திருக்க முடியாத விஷயம் என்றால் யாரைக் கூப்பிடுவது? கடை எப்போது திறந்திருக்கும் என்று சொன்னால் இந்த இரண்டுக்கும் விடை வந்துவிடாது. வாடிக்கையாளரே ஊகித்துக்கொள்ள வேண்டும், அவர் ஊகிப்பது நமக்குச் சாதகமாக இருப்பது அபூர்வம்.

இதை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை, காரைக்குடியில் அதற்கு ஒரு சின்ன அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். முதலாளியைச் சேர்த்து ஐந்து பேர். திங்கள் முதல் சனி வரை வேலை. வாடிக்கையாளர்களில் ஒருவர் பெங்களூரில் கட்டடக் கலைஞர், ஒருவர் சிங்கப்பூரில் உணவகம் திறக்கப்போகிறவர், இன்னொருவர் நியூஜெர்சியில் இருந்துகொண்டு பள்ளத்தூரில் உள்ள பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கிறவர். செட்டிநாட்டில் தொழில் செய்கிற பலருக்கும் இப்படித்தான், பாதி வாடிக்கையாளர் வேறு நேரத்தில் வாழ்கிறார்கள்.

முதலில் பதில் நேரம். "24 மணி நேரத்துக்குள் பதில் தருவோம்" என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை போகும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு மெயில் வந்தால் என்ன ஆகும்? ஞாயிறு மாலை ஐந்துக்குள் பதில் போயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகமே பூட்டியிருக்கும். எழுதியவர் ஒரு நாளும் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனாலும் வாரம் ஒருமுறை வாக்குத் தவறுகிறார். "அடுத்த வேலை நாள் மாலை 6 மணிக்குள்" என்று எழுதினால் இந்தச் சிக்கல் வராது, கூடவே வேலை நாள் எது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு நேரம் கேட்பது என்பதை ஆசைப்பட்டு முடிவு செய்யக் கூடாது. போன மாதம் அனுப்பிய பதில்களைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். பெரும்பாலானவை அன்றே போயிருக்கும். விலைப்புள்ளி கேட்டவை, வரைபடம் திருத்தக் கேட்டவை ஒரு நாள் தாண்டியிருக்கும். அந்த மெதுவான நாளை வைத்துத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். முந்திப் பதில் போனால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. முழு விடை தயாராகாவிட்டால், "பார்த்துவிட்டோம், விலைப்புள்ளி வியாழக்கிழமை வரும்" என்ற ஒரு வரி போனாலும் அது பதில்தான்.

அடுத்து, நேரத்தை யாருடைய கடிகாரத்தில் சொல்வது? இந்திய நேரத்தில் மட்டும் எழுதினால் கணக்குப் போடும் வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறோம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நாம் காலை 9.30க்குக் கதவைத் திறக்கும்போது அங்கே மதியம் 12, மாலை 6 மணிக்குப் பூட்டும்போது இரவு 8.30. அவர் காலை ஒன்பது மணிக்கு எழுதினால் மூன்று மணி நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அது அலட்சியம் என்று அவர் நினைப்பதற்கு முன்னால், "மதியம் 12க்குப் பிறகுதான் பார்ப்போம், அன்று இரவு 8.30க்குள் பதில் வரும்" என்று அவர் நேரத்திலேயே சொல்லிவிடலாம்.

நியூஜெர்சி இதற்கு நேர்மாறு. கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். நாம் அலுவலகம் முடிக்கும் மாலை 6 மணி அவருக்குக் காலை 8.30. அவர் தன் வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு எழுதினால் இங்கே மறுநாள் அதிகாலை 4.30. நம் வேலை நாள் முழுவதும் அவர் தூங்குகிற, காலையில் கிளம்புகிற நேரத்தில் நடந்து முடிந்துவிடும். அதனால் "அடுத்த வேலை நாள்" என்பது அவருக்கு ரொம்பச் சுலபமாக மாறுகிறது: எழுதினால் மறுநாள் காலை பதில் இருக்கும், சனிக்கிழமை எழுதினால் திங்கள் காலை. இப்படிச் சொன்னால் அவருக்குத் தாமதம் என்றே தோன்றாது. அங்கே நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள், மார்ச் இரண்டாவது ஞாயிறன்று மறுபடி முன்னால் வைப்பார்கள். குளிர்காலத்தில் அந்த 8.30 என்பது 7.30 ஆகிவிடும். அவருக்குச் சாதகமான மாற்றம்தான், அதனால் "8.30க்குள்" என்று எழுதியிருந்தால் வருடம் முழுக்கப் பொய்யாகாது.

இப்போது கடினமான பகுதிக்கு வருவோம். எது அவசரம்?

"அவசரம் என்றால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று மட்டும் எழுதினால் எல்லாமே அவசரமாகிவிடும். இரவு ஒன்பது மணிக்கு, "சும்மா கேட்கலாமேன்னுதான்" என்று ஒருவர் கூப்பிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு எது அவசரம் என்று நாம் சொல்லவே இல்லையே. ஒவ்வொரு தொழிலிலும் திருப்ப முடியாத ஒரு கட்டம் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, பெயர் சொல்லி எழுத வேண்டும்.

ஆத்தங்குடி டைல்ஸில் அந்தக் கட்டம் எங்கே என்று பட்டறைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு சிறு அறையிலும் நிறம் கலந்த சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே உலர்ந்த சிமென்ட் தூவி, பிறகு மணலும் சிமென்ட்டும் சேர்ந்த கலவையை நிரப்பி அழுத்துகிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறும், பின்பு காயும். அச்சில் ஊற்றும்வரை நிறத்தை மாற்றலாம். ஊற்றிவிட்டால் அந்தக் கல் அந்த நிறம்தான். பட்டறையில் வேலை காலை எட்டு மணிக்கே தொடங்கும், அலுவலகம் திறப்பதோ ஒன்பதரைக்கு. "பச்சையைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்" என்று வாடிக்கையாளர் இரவு அனுப்பிய மெயிலை 9.40க்குத் திறந்து பார்க்கும்போது, ஒன்றரை மணி நேரத்துப் பச்சைக் கல் வரிசையாகக் கிடக்கும்.

அதை அவசர எண்ணுக்குத் தள்ளுவதைவிட ஒரு கெடு வைப்பது மேல் என்பது என் எண்ணம். "நிறத்தில் மாற்றம் இருந்தால் ஊற்றும் நாளுக்கு முந்தைய வேலை நாள் மாலை 5 மணிக்குள் எழுதுங்கள், ஊற்றும் தேதியை மூன்று நாள் முன்னால் சொல்வோம்." இந்த ஒரு வாக்கியம் பாதி இரவுத் தொலைபேசிகளை நிறுத்திவிடும். நாம் அவசரம் என்று நினைக்கிற பல விஷயங்கள் உண்மையில் கெடு சொல்லாமல் விட்ட விஷயங்கள்தான். மிச்சமிருப்பது கொஞ்சம்: லாரி கிளம்பிய பிறகு இறக்கும் இடம் மாறினால், சைட்டில் சரக்கு உடைந்து வந்து கொத்தனார் வேலை நின்றால். இந்த இரண்டுக்கும் போன்.

இதையெல்லாம் சேர்த்து நியூஜெர்சிக்காரருக்கு ஒரு மெயில் எழுதினால் இப்படி இருக்கும்:

> பொருள்: பள்ளத்தூர் வீட்டு ஆர்டர் – நாங்கள் பதில் தரும் நேரம்
>
> வணக்கம் அண்ணே,
>
> முற்றத்துக்கும் முகப்புக்கும் உள்ள டைல்ஸ் ஆர்டரைப் பதிவு செய்துவிட்டோம். வேலை முடியும்வரை அடிக்கடி எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால் பதில் நேரத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்.
>
> திங்கள் முதல் சனி வரை, இந்திய நேரம் காலை 9.30 முதல் மாலை 6 வரை மெயில் பார்ப்போம். மற்ற நேரத்தில் வருவதற்கு அடுத்த வேலை நாள் மாலை 6 மணிக்குள் பதில் வரும். உங்கள் நேரப்படி, நீங்கள் மாலையில் எழுதினால் மறுநாள் காலை 8.30க்குள் பதில் இருக்கும். சனிக்கிழமை மாலை எழுதினால் திங்கள் காலை.
>
> நிறம், பூ வடிவம் இரண்டிலும் மாற்றம் இருந்தால், ஊற்றும் நாளுக்கு முந்தைய வேலை நாள் இந்திய நேரம் மாலை 5 மணிக்குள் எழுதிவிடுங்கள். ஊற்றும் தேதியை மூன்று நாள் முன்னால் தெரிவிப்போம். ஊற்றிய பிறகு மாற்ற முடியாது.
>
> சரக்கு வழியில் இருக்கும்போது இறக்கும் இடம் மாறினாலோ, உடைந்து வந்து வேலை நின்றாலோ எந்த நேரமும் கீழே உள்ள எண்ணுக்கு அழையுங்கள். மற்றவற்றை மெயிலில் அனுப்புங்கள், ஒன்றும் விட்டுப்போகாது.
>
> இந்த நேரம் உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

பெங்களூர்க்காரருக்கு இதையே ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், வரிசை மாறாது. மன்னிப்புக் கேட்கும் தொனி எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆர்டர் தொடங்கும்போதே எழுதினால், ஏதோ தப்பு நடக்கப்போகிறது என்று அவரே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார். கடைசி வரியும் ஒப்புக்குப் போட்டதில்லை. கட்டடக் கலைஞர்கள் சிலர் பகலெல்லாம் சைட்டில் இருப்பார்கள், இரவில்தான் படம் பார்ப்பார்கள். அவர் அதைச் சொன்னால் வாரம் ஒரு மாலை அவருக்கென்று ஒதுக்கிவிடலாம்.

இந்த மெயிலை எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். ஆர்டர் உறுதியான அன்றே போக வேண்டும். நான்கு இரவுத் தொலைபேசி வந்து, பொறுக்க முடியாமல் போன பிறகு இதே வாக்கியங்களை அனுப்பினால், படிப்பவர் காதில் அது கண்டிப்பது போலத்தான் விழும்.

அனுப்பிய பிறகு அதை முதலில் உடைப்பவர் பெரும்பாலும் நாமேதான். இரவு பதினொன்றுக்கு மெயிலைப் பார்த்து, "சட்டென்று ஒரு வரிதானே" என்று பதில் போட்டுவிடுகிறோம். அந்த வாடிக்கையாளருக்கு இனிமேல் பதினொரு மணியும் வேலை நேரம். எழுதுவதைத் தடுக்க முடியாதென்றால் எழுதிவையுங்கள், அனுப்புவதைத் தள்ளிப்போடுங்கள். ஜிமெயிலில் Send பொத்தானை ஒட்டியுள்ள அம்புக்குறியை அழுத்தினால் Schedule send வரும். மறுநாள் காலை 9.35 என்று குறித்துவிட்டால் அதுவாகப் போய்விடும். எல்லாவற்றையும் சரியாக 9.30க்கு வைக்க வேண்டாம், ஏழு பதில் ஒரே நொடியில் போனால் இயந்திரம் அனுப்பியது போலத் தெரியும்.

தானாகப் போகும் பதிலை வைத்து இதைச் சமாளிக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். ஜிமெயிலின் Vacation responder முழு நாள் கணக்கில்தான் ஓடும். தினமும் மாலை ஆறுக்குத் தொடங்கிக் காலை ஒன்பதரைக்கு நிறுத்து என்று அதனிடம் சொல்ல முடியாது. ஒரே ஆள் மறுபடி மறுபடி எழுதினாலும் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் அவருக்குப் பதில் அனுப்பும். ஆகவே அது விடுமுறைக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு நம் பக்கம் தேவையும் இருக்கிறது. பொங்கல் விடுமுறை பெங்களூர்க்காரருக்குத் தெரியும். பொங்கலை ஒட்டி வரும் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல், அன்றைக்கு அலுவலகத்தில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு நாளுக்கு அதைப் போட்டுவைக்கலாம். தினசரி இரவுகளுக்கு ஏற்றது வாட்ஸ்அப் பிசினஸ்தான். அதில் Away message என்று தானாகப் போகும் செய்தியை வேலை நேரத்துக்கு வெளியே மட்டும் போகும்படி வைக்க முடியும். மெயிலில் சொன்ன அதே வாக்கியத்தை அங்கேயும் போடுங்கள். மெயிலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று என்று இருந்தால், தனக்கு வசதியானதைத்தான் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார்.

இதுவரை வெளியாட்களுக்கு. உள்ளே இருப்பவர்களுக்கு எழுதும் மெயில் வேறு மாதிரி. வாடிக்கையாளருக்கு, எப்போது பதில் வரும் என்று வாக்குக் கொடுக்கிறோம். கூட வேலை பார்ப்பவர்களுக்கு, எப்போது பதில் தர வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவதுதான் கஷ்டம், ஏனென்றால் யாரும் அதை நம்புவதில்லை. நம் பட்டறை முதலாளிக்கு இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் மெயில் எழுத நேரம் கிடைக்கிறது. பத்தரைக்கு ஐந்தாறு மெயில் போகும். "உடனே பார்க்கச் சொல்லி நான் எப்போதாவது கேட்டேனா?" என்பார் அவர். சரக்கு அனுப்புகிற பையனிடம் கேட்டால், "அண்ணே, நீங்க அனுப்பினா நாங்க பார்க்காம எப்படித் தூங்குறது?" என்பான்.

இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். லாரா ஜியர்ஜ், வனெஸ்ஸா போன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. வேலை நேரத்துக்கு வெளியே வரும் அவசரமில்லாத மெயிலுக்கு, அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பதில் தர வேண்டும் என்று பெறுபவர் நினைத்துக்கொள்கிறார். அனுப்பியவருக்கு அது தெரிவதும் இல்லை. இது அவசரமில்லை, முடியும்போது பதில் தரலாம் என்று மெயிலிலேயே எழுதியபோது அந்த இடைவெளி குறைந்தது. அதாவது, மனதில் இருந்தால் போதாது, ஒவ்வொரு மெயிலிலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

> அனைவருக்கும் வணக்கம்.
>
> இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நான் மெயில் அனுப்புவதுண்டு, எனக்கு அப்போதுதான் ஒழிகிறது. அதற்கு அப்போதே பதில் வேண்டாம். மறுநாள் காலை 9.30க்கு வந்து பார்த்தால் போதும். இரவிலேயே தெரிய வேண்டிய விஷயம் என்றால் போன் செய்வேன், மெயில் அனுப்ப மாட்டேன்.
>
> வாடிக்கையாளர் அவசர எண் வாரத்துக்கு ஒருவரிடம் இருக்கும், என்னையும் சேர்த்து. அழைக்கக்கூடிய காரணம் இரண்டுதான்: சரக்கு வழியில் இருக்கும்போது இடம் மாறுவது, உடைந்து வந்து வேலை நிற்பது. வேறு எதற்கு அழைத்தாலும், "காலையில் பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லிவிடலாம். இரவு வேலை பார்க்க நேர்ந்தால் மறுநாள் அந்த அளவு தாமதமாக வாருங்கள்.

"என்னையும் சேர்த்து" என்ற சொல் இல்லாவிட்டால் இந்த மெயிலில் பாதி உயிர் போய்விடும். "சொல்லிவிடலாம்" என்பதும் முக்கியம். முதலாளி பெயரில் எழுத்தில் அனுமதி இருந்தால்தான் புதிதாகச் சேர்ந்த பெண்ணால் ஒரு பெரிய வாடிக்கையாளரிடம் "காலையில்" என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்குப் பிந்தைய தொடர்பு பற்றிச் சட்டமே இருக்கிறது. இந்தியாவில் தனிநபர் மசோதாவாக மக்களவைக்கு வந்திருக்கிறது, சட்டமாகவில்லை. அதனால் இங்கே இப்போதைக்கு இந்த மெயில்தான் ஏற்பாடு.

அனுப்பி ஒரு மாதம் கழித்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மெயில் அனுப்பிய பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் "பார்த்தீங்களா?" என்று வந்தால், பதில் நேரத்தை அவர் படிக்கவில்லை, இல்லாவிட்டால் நம்பவில்லை. முதல் மெயிலைத் தேடிப் படிக்கச் சொல்லாதீர்கள், கையெழுத்துக்குக் கீழே அந்த ஒரு வரியை மறுபடி போடுங்கள். அவசர எண்ணில் வந்த அழைப்புகளை ஒரு தாளில் எழுதிவைத்தால், அதில் எத்தனை அந்த இரண்டு காரணத்துக்குள் அடங்கும் என்று தெரியும். பட்டியலில் இல்லாத ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு இன்னொரு கெடு தேவை. பெரும்பாலும் அது "சரக்கு என்றைக்கு வரும்?" என்பதாகவே இருக்கும். லாரி ஏற்றுகிற அன்று மாலை ஆறுக்குள் நாமே ஒரு மெயில் அனுப்பிவிட்டால் அந்தக் கேள்வி வராது.

உள்ளே இருப்பவர்கள் விஷயத்தில் அடையாளம் வேறு. காலை ஏழு மணிக்கு "லேட் ரிப்ளைக்கு சாரிண்ணே" என்று தொடங்கும் பதில் வந்தால், அவர்கள் இன்னும் பழைய பயத்தில்தான் இருக்கிறார்கள். அப்போது இன்னொரு அறிவிப்பு எழுதிப் பயனில்லை. முதலாளி தன் பத்தரை மணி மெயில்களை Schedule send-ல் போடத் தொடங்க வேண்டும்.